மலையாண்டி பட்டறை என்ற பெயரில் பார்க்கவும்

மலையாண்டி பட்டறைக்கு வழி கேட்டால் செல்லூரில் யாரும் சொல்வார்கள். வைகைப் பாலம் தாண்டி, தத்தனேரிக்குப் போகிற ரோட்டில், தறிச் சத்தம் ஓய்ந்து இரும்பு வாடை எங்கே தொடங்குகிறதோ அங்கே. அலங்காநல்லூர்ப் பக்கத்துக் கரும்புக்காரர்கள் வண்டி கட்டிக்கொண்டு நேராக அங்கேதான் வந்து இறங்குவார்கள். மாடு கட்டி இழுக்கிற கரும்பு ஆலை, பாகு காய்ச்சுகிற கொப்பரை, மாடு பூட்டி நீர் இறைக்கிற கமலைக் கிணற்றுக்கு உருளை எல்லாம் அங்கே வார்த்து எடுத்தார்கள். மலையாண்டி வார்க்கிற ஆலையின் பக்கவாட்டில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு நட்சத்திரம் புடைத்துக்கொண்டிருக்கும். அதுதான் அடையாளம். அவருக்குப் பெயர்ப் பலகை இல்லை. தேவைப்பட்டதும் இல்லை.

அதனால்தான் மெட்ராஸிலிருந்து வந்த விஸ்வேஸ்வரன் இந்த இடத்தைக் கண்டுபிடிக்க இரண்டு நாள் அலைய வேண்டியிருந்தது. வியாபார டைரக்டரி போடுகிற ஒரு கம்பெனியின் ஆள் அவர். ஊர் ஊராகப் போய், எந்தக் கம்பெனி என்ன செய்கிறது, எவ்வளவு செய்கிறது, எங்கே எழுதினால் கிடைக்கும் என்று கேட்டுப் பழைய விவரங்களைத் திருத்தி வாங்கிக்கொண்டு போவது அவர் வேலை. அவர் கையிலிருந்த பெயர் 'சதர்ன் ஸ்டார் இஞ்சினியரிங் கம்பெனி, மதுரா'. மதுரையைத்தான் இங்கிலீஷில் அப்படி எழுதினார்கள். தபாலாபீசில் அப்படி ஒன்று இல்லை என்றார்கள். ஸ்டேஷனில் தெரியாது என்றார்கள். கடைசியில் கீழமாசி வீதியில் ஓர் இரும்புக் கடைக்காரர், "கரும்பு ஆலையா? ஸ்டார்னா நச்சத்திரந்தானே? அட, நம்ம மலையாண்டி பட்டறைங்க!" என்று சிரித்து, ஜட்கா வைத்து அனுப்பினார்.

மாசி மாதத்துக் காலை. பட்டறையின் முன்கூரையில் மேஜை போட்டு உட்கார்ந்திருந்தவள் மலையாண்டியின் ஒரே மகள் அன்னக்கொடி. மிஷன் பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரை படித்தவள். கணக்கு எழுதிய பிள்ளை பட்டாளத்தில் சேர்ந்து போனதிலிருந்து, வருகிற கடிதத்தைப் படிப்பதும் பதில் எழுதுவதும் இரும்பு பர்மிட்டுக்கு விண்ணப்பம் போடுவதும் அவள் பொறுப்பு. வீட்டுக்குள் அவளுடைய ஒன்றரை வயதுப் பெண் குழந்தையை அம்மா சீனியம்மாள் வைத்திருந்தாள். அப்பனை இன்னும் பார்க்காத குழந்தை.

"சதர்ன் ஸ்டார் கம்பெனிங்கறது இதுதானா அம்மா?" என்று வந்தவர் கேட்டதும் அன்னக்கொடி பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்தாள். அந்தப் பெயரை அவள் கணவன் வாயிலிருந்துதான் கேட்டிருக்கிறாள். மதுரையில் வேறொருவர் சொல்லி அதுவே முதல் தடவை.

"ஆமாங்க சாமி. உக்காருங்க" என்று பெஞ்சைக் காட்டிவிட்டு, "அப்பா! ரங்கூன் கடைப் பேரைச் சொல்லிக்கிட்டு ஒருத்தர் வந்திருக்காரு" என்று உள்ளே குரல் கொடுத்தாள்.

ரங்கூன் கடை அவள் கணவன் கருத்தக்கண்ணன் தொடங்கியது. உசிலம்பட்டிப் பக்கம் மானாவாரி நிலத்தில் பிறந்தவன், பட்டறையில் வேலை கற்றுக்கொள்ள வந்தவன். மலையாண்டிக்குப் பிடித்துப்போய் மகளைக் கொடுத்தார். கல்யாணமான மறு வருஷமே, "பர்மாவுல கரும்பு போடுறாக மாமா, ஆலை இல்லாம அல்லாடுறாக" என்று கப்பலேறினான். அங்கே மொகல் தெருவில் கடை பிடித்தான். அன்னக்கொடியும் மூன்று வருஷம் அங்கே குடித்தனம் செய்தாள். டைரக்டரியில் கம்பெனியைப் பற்றிப் போட வேண்டும் என்று ஆள் வந்தபோது அவன்தான் யோசித்தான். "மலையாண்டி பட்டறைன்னு போட்டா இங்க எவன் வாங்குவான் கொடி? இங்கிலீசுல கம்பீரமா ஒரு பேரு வேணும்." ஊரில் எல்லோரும் அவளை அன்னம் என்பார்கள். அவன் மட்டும்தான் பெயரின் பின்பாதியைப் பிடித்துக்கொண்டான். "நம்ம ஆலையிலதான் நச்சத்திரம் இருக்கே" என்று அவள்தான் எடுத்துக் கொடுத்தாள். அவன் துள்ளிக் குதித்தான். பெயர் அப்படி வந்தது.

பிரசவத்துக்கு அவள் தாய்வீடு வந்தது நாற்பத்தொன்று ஆடியில். மார்கழியில் ரங்கூனில் ஜப்பான் குண்டு விழுந்தது. தையில் ஒரு கடிதம் வந்தது: 'துறைமுகத்துல சரக்கு கெடக்கு. அதைத் தீர்த்துட்டு வாரேன். பயப்படாத.' அதற்கப்புறம் ஒன்றுமில்லை. ரங்கூன் விழுந்துவிட்டது என்று பேப்பரில் போட்டார்கள். காட்டு வழியாக நடந்து வந்தவர்கள் ஒவ்வொருவராக மதுரைக்கு வந்து சேர்ந்தார்கள். ஒவ்வொருவரையும் போய்ப் பார்த்துக் கேட்டார்கள். தெரியாது என்றார்கள். அவனோடு கடையிலிருந்த அலங்காநல்லூர்ப் பையன் காளையைப் பற்றியும் தெரியவில்லை. காளையின் தாய் ஒச்சாயி வாரம் தவறாமல் பட்டறைக்கு வந்து, "எதுவும் தகவல் உண்டாத்தா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் போவாள்.

மலையாண்டி கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். கரி படிந்த வேட்டி. தலைப்பாகையை அவிழ்த்துக்கொண்டே, "வாங்க சாமி, மோர் சாப்பிடுறீகளா?" என்றார்.

விஸ்வேஸ்வரன் மோரை வாங்கிக் குடித்துவிட்டுப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். நடுவில் பழைய புத்தகத்திலிருந்து கத்தரித்த பத்தி ஒட்டியிருந்தது. நாலு பக்கமும் எழுத இடம் விட்டிருந்தது. "இது நாங்க கடைசியாப் போட்டது. இதைத் திருத்திக் கொடுக்கணும். யுத்தத்துக்குச் சாமான் வாங்கற சர்க்கார் அதிகாரிகள் இப்போ இதைப் பார்த்துண்டுதான் ஆர்டர் அனுப்பறா. அதனால உள்ளது உள்ளபடி இருக்கணும்" என்றார்.

அன்னக்கொடி தாளை வாங்கினாள். இங்கிலீஷ் எழுத்துக்களை விரலால் தொட்டு மெதுவாகப் படித்துத் தகப்பனுக்குத் தமிழில் சொன்னாள். "கரும்பு யந்திரங்கள், பம்புகள், பாய்லர்கள், விவசாயக் கருவிகள் தயாரிப்போர்னு போட்டிருக்குப்பா."

"பாய்லரா?" மலையாண்டிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நம்ம கொப்பரையைத்தான் மாப்ள பாய்லர் ஆக்கிப்புட்டாரு."

விஸ்வேஸ்வரனும் சிரித்தார். "பம்பு?"

"அது நாங்க வார்க்கிறதில்ல சாமி" என்றாள் அன்னக்கொடி. "கோயமுத்தூர்லருந்து வரவழைச்சு ரங்கூன்ல வித்தாக."

"அப்போ தயாரிப்போர்னு போடப்படாது. விற்போர்னு போடணும். இப்போ விற்கறதும் இல்லையே? எடுத்துடலாம்." சிவப்புப் பென்சிலால் ஒரு கோடு. "விவசாயக் கருவிகள்னா எது? கலப்பையா, மண்வெட்டியா? பொதுவாப் போட்டா ஒருத்தனுக்கும் பிரயோஜனமில்லை. கடப்பாரை கேட்டுக் கடுதாசி வரும்."

"கமலை உருளை. அது மட்டுந்தான்."

"அதைப் பேர் சொல்லிப் போடுவோம். மூணு உருளை கரும்பு ஆலை, மாடு இழுக்கறது. கொப்பரை, எந்த அளவு?"

மலையாண்டி கைகளை விரித்து அளவு காட்டினார். அன்னக்கொடி அதை அடிக்கணக்கில் சொன்னாள். எழுதிக்கொண்டே போனார் விஸ்வேஸ்வரன். மற்றவர் கம்பெனி பற்றி எழுதுகிறவராக இல்லாமல் தன் வீட்டுச் சாமானை எண்ணி வைக்கிறவர் போல ஒரு நிதானம் அவரிடம் இருந்தது.

"உற்பத்தி சக்தி. 'பெரிய அளவில்'னு மட்டும் போட்டிருக்கு. இதுக்கு அர்த்தமே கிடையாது. மாசத்துக்கு எத்தனை ஆலை?"

"இரும்பு இருந்தா பத்து ஊத்துவேன். இப்ப பர்மிட்டுல குடுக்கிறதுக்கு மூணு தேறும்" என்றார் மலையாண்டி.

"ரெண்டையும் போடுவோம். இரும்பு கிடைச்சா இத்தனை, இப்போ இத்தனை. பத்துன்னு மட்டும் போட்டு, சர்க்கார் பத்து கேட்டு, நீங்க மூணு கொடுத்தா உங்க பேர்தான் கெடும்." அவர் பென்சில் கீழே இறங்கிக் கடைசி வரியில் நின்றது. "இனிமேதான் முக்கியமானது. விலாசம்."

'தலைமை ஆபீஸ்: மொகல் தெரு, ரங்கூன். தந்தி: ஸ்டார், ரங்கூன். தொழிற்சாலை: மதுரா.' அவ்வளவுதான் அங்கே இருந்தது.

"பாருங்கோ. மதுராங்கற ஒரு வார்த்தை. தெரு இல்லை, முதலாளி பேர் இல்லை, தந்தி விலாசம் இல்லை. திருத்தறதுக்கு வருஷா வருஷம் நாங்க அனுப்பின தாளெல்லாம் ரங்கூனுக்குத்தான் போயிருக்கு." விஸ்வேஸ்வரன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உங்களைக் குத்தம் சொல்லலை. பாதிப் பேர் இப்படித்தான் கொடுக்கறா. ஆனா இதனால போன வருஷம் ஒரு சங்கடம் வந்தது. அதைச் சொன்னாத்தான் விலாசம் எதுக்குன்னு புரியும்."

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். போகிற இடத்திலெல்லாம் கம்பெனிக்காரர்களை இணங்க வைக்கச் சொல்லுகிற கதைகளில் ஒன்று அது.

"அஸ்ஸாம் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியிலேர்ந்து எங்க ஆபீசுக்குக் கடுதாசி. பர்மாவிலேர்ந்து நடந்து வந்த ஒரு ஆள், கடும் ஜுரம். கையிலே ஒரு காயிதம் கிடையாது. தன் பேரைக்கூடச் சொல்லத் தெரியலை. சதர்ன் ஸ்டார், மதுரா, சதர்ன் ஸ்டார், மதுரான்னு அதையே சொல்லிண்டிருக்கான். அந்த டாக்டர் நல்ல மனுஷர். எங்க டைரக்டரியை எடுத்துப் பார்த்திருக்கார். ரங்கூன்னு இருக்கு. ரங்கூனே ஜப்பான்காரன் கையிலே இருக்கு அப்போ. மதுராவுக்கு ஒரு தந்தி அடிச்சிருக்கார், அப்படி ஒரு கம்பெனி இல்லைன்னு திரும்பிடுத்து. உடனே எங்களுக்கு எழுதினார், முதலாளி யார், யாரையாவது அனுப்பச் சொல்லுங்கோன்னு. நான்தான் அந்தக் கடுதாசியைப் பார்த்தேன். எங்க பைலிலேயும் ரங்கூன்தான். நானும் மதுராவுக்கு ஒரு கார்டு போட்டேன். அதுவும் திரும்பி வந்துடுத்து."

பட்டறைக்குள் யாரோ துருத்தி போடுகிற சத்தம் வந்துகொண்டிருந்தது.

"இன்னொண்ணு எழுதியிருந்தார். அந்த ஆள் சதா கொடி, கொடின்னு கூப்பிடறானாம். இது உங்க பாஷையிலே என்னன்னு கேட்டார். கொடின்னா ஃப்ளாக், இல்லேன்னா படர்ற கொடின்னு பதில் எழுதினேன். பாவம், கப்பல்லே வேலை பார்த்தவனோ என்னமோ... உங்க கம்பெனி ஆலை வாங்கினவனா இருக்கும், இல்லையா? யாரா இருக்கும்னு உங்களுக்குத் தோண்றதா?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பெண் மேஜையின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"அந்த ஆளு என்ன ஆனாரு சாமி?"

விஸ்வேஸ்வரன் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டார். அவள் முகத்தைப் பார்த்தார், தகப்பனைப் பார்த்தார், தாளில் ரங்கூன் என்றிருந்த இடத்தைப் பார்த்தார்.

"உங்க பேர் என்னம்மா?" என்று மெல்லக் கேட்டார்.

"அன்னக்கொடி."

அவர் கையிலிருந்த பென்சில் கீழே விழுந்து உருண்டது.

"சொல்லுங்க சாமி" என்றாள் அவள். குரல் உடையவில்லை. அதுதான் மலையாண்டிக்குப் பயமாக இருந்தது. "என்ன ஆனாரு?"

"ரெண்டாவதா ஒரு கடுதாசி வந்தது அம்மா. வைகாசியிலே. இனிமே சிரமப்பட வேண்டாம்னு..."

"அவருதான்னு எப்படிச் சொல்ல முடியும்?" மலையாண்டி எழுந்துவிட்டார். "அங்க ஆயிரம் பேரு நடந்து வந்தான். எவனோ ஒருத்தன் நம்ம சரக்கு வாங்கினவனா இருப்பான். ஆத்தா, நீ ஒண்ணும் நெனைக்காத. சாமி, வேற அடையாளம் என்ன எழுதினாரு அந்த டாக்டரு? ஒண்ணும் எழுதலையில்ல?"

விஸ்வேஸ்வரன் தரையைப் பார்த்தபடி சொன்னார். "வலது கையிலே, முழங்கைக்குக் கீழே, பெரிய தீக்காயத் தழும்புன்னு எழுதியிருந்தார்."

மலையாண்டி உட்கார்ந்துவிட்டார். வேலை கற்றுக்கொண்ட காலத்தில் அவனுடைய கையில் காய்ச்சின இரும்பு தெறித்தபோது பச்சிலை அரைத்துக் கட்டியவர் அவர்தான். ஒரு மாதம் தன் கையால் சோறு ஊட்டியவரும் அவர்தான். வாயில் துண்டைத் திணித்துக்கொண்டு அவர் குனிந்ததைப் பார்த்ததும் உள்ளே வேலை நின்றது. சீனியம்மாள் குழந்தையோடு வாசலுக்கு வந்தாள். ஒரு பார்வையில் அவளுக்குத் தெரிந்துவிட்டது. அவள் போட்ட கூச்சலில் தறிக்காரர்கள் ரோட்டைக் கடந்து ஓடி வந்தார்கள்.

அன்னக்கொடி அழவில்லை. கீழே கிடந்த பென்சிலை எடுத்து மேஜைமேல் வைத்தாள். "என்னை அங்க கூப்பிட்டிருக்காரு. ரோட்டுல போற எல்லாருக்கும் தெரிஞ்ச பட்டறையில நான் உக்காந்திருக்கேன். தந்தி வந்து திரும்பிப் போயிருக்கு" என்று யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னாள்.

விஸ்வேஸ்வரன் கூட்டத்தின் ஓரத்தில் நின்றார். போகவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. அவள் பக்கமாக வந்து, "கொடின்னா ஒரு பொம்மனாட்டி பேரா இருக்கும்னு எனக்குத் தோணவேயில்லையம்மா. நானும் தமிழ் பேசறவன்தானே" என்றார். மேல்துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

மறுநாள் உசிலம்பட்டிக்குப் போனார்கள். கரி போட்டு ஓட்டுகிற பஸ், ஏற்றம் வந்தால் இறங்கித் தள்ளச் சொல்லும். கருத்தக்கண்ணனின் தாய் ரெங்கம்மாள் மாட்டுக்குத் தீவனம் வைத்துக்கொண்டிருந்தாள். சம்பந்தியும் மருமகளும் சொல்லாமல் வந்து நிற்பதைப் பார்த்ததும் கூடையைக் கீழே போட்டாள். ஊர் கூடி அழுதது. எல்லாம் முடிந்து பெண்கள் ஓய்ந்தபிறகு, ரெங்கம்மாள் மருமகளைப் பக்கத்தில் இழுத்து உட்கார வைத்துக்கொண்டு கேட்டாள்:

"எம் மகன் மதுரைன்னு சொன்னானாமே, தாயி. பொறவு ஏன் ஒருத்தனுக்கும் வழி தெரியாமப் போச்சு?"

"நாங்க வச்ச பேரு இங்க யாருக்கும் தெரியாது அத்தை. அவரும் நானும் சேந்துதான் வச்சோம்."

ரெங்கம்மாள் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அன்னக்கொடிக்கு. அவள் மருமகளின் தலையைத் தடவி, "ஆசையா வச்சிருப்பீக" என்று மட்டும் சொன்னாள்.

கருமாதி முடிந்த வாரம் விஸ்வேஸ்வரன் மறுபடி வந்தார். திண்டுக்கல், பழனி வேலைகளை முடித்துவிட்டு மெட்ராஸ் திரும்புகிற வழி. அந்த ஆஸ்பத்திரி விலாசத்தையும் டாக்டர் பெயரையும் ஆபீசுக்கு எழுதி வரவழைத்துக் கொண்டுவந்திருந்தார். அதைக் கொடுத்துவிட்டு, பாதியில் நின்ற டைரக்டரித் தாளையும் பையிலிருந்து எடுத்தார்.

"அந்தக் காயிதத்தைக் கிழிச்சுப் போட்டுருங்க சாமி" என்றார் மலையாண்டி. பத்துப் பதினைந்து நாளில் அவர் தோள் இறங்கிப்போயிருந்தது. "எனக்கு டைரக்டரியும் வேணாம், சர்க்கார் ஆர்டரும் வேணாம். எம் பேரு எதுலயும் வர வேணாம். கரும்புக்காரன் வந்தா வார்க்கிறேன், வராட்டி சும்மா கெடக்கிறேன்."

"உங்க இஷ்டம்" என்று விஸ்வேஸ்வரன் எழுந்தார்.

அன்னக்கொடி உள்ளேயிருந்து வந்தாள். வெள்ளைச் சேலையில் அவளைப் பார்த்ததும் அவர் மறுபடி உட்கார்ந்துவிட்டார்.

"எழுதிட்டுப் போங்க சாமி" என்றாள். "விலாசத்துல நிறுத்தினோம்."

"வேணாம்னு சொல்லிட்டேன் ஆத்தா."

"ஒச்சாயி நேத்து வந்தாப்பா." அவள் தகப்பனுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள். "எனக்காக அழுதா. அழுது முடிச்சுட்டு, எம் மகனைப் பத்தி எதுவும் சொன்னாகளான்னு கேட்டா. காளை எங்க கெடக்கான்னு தெரியல. அவனுக்கும் அந்தக் கடைப் பேருதான் தெரியும். எங்கயோ ஒரு ஆஸ்பத்திரியில, கேம்புல அவனும் சதர்ன் ஸ்டார், மதுரான்னு சொல்லிக்கிட்டிருந்தா? மறுபடியும் ஒரு டாக்டர் புஸ்தகத்தைப் பொரட்டினா? நம்ம பேரை எடுத்துட்டா அதுல என்னப்பா இருக்கும்?"

மலையாண்டி முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். அப்படியே, "எழுதுங்க" என்றார்.

அவள் சொல்லச் சொல்ல விஸ்வேஸ்வரன் எழுதினார். பெயர், மலையாண்டி வார்ப்படப் பட்டறை. உரிமையாளர், மலையாண்டி. தத்தனேரி ரோடு, செல்லூர், வைகைப் பாலத்துக்கு வடக்கே. சரக்கு அனுப்ப, மதுரை ரயில் நிலையம். தந்தி விலாசம்?

"அதுக்குத் தந்தி ஆபீசுலே பணம் கட்டிப் பதியணும். பதியாமப் போட்டா எங்கேயும் போய்ச் சேராது" என்றார் அவர்.

"இன்னைக்கே போய்ப் பதியிறேன். பட்டறை, மதுரைன்னு கேக்குறேன். கெடைச்சதும் உங்களுக்கு எழுதுறேன். அது வரைக்கும் அந்த இடத்தைக் காலியா வைங்க, இல்லாததைப் போட வேணாம்."

"டெலிபோன்?"

"இல்ல. இல்லைன்னே போடுங்க."

"கடுதாசி யார் பேருக்கு?"

அவள் தகப்பனைப் பார்த்தாள். பெண்பிள்ளையின் பெயரை ஊர் பார்க்க அச்சில் போடுவதா என்று அவர் கேட்பார் என்று எதிர்பார்த்தாள். "எம் மகதான் பார்க்குது. அது பேரையே போடுங்க. முழுப்பேரையும் போடுங்க" என்றார் அவர்.

கடைசியில் ரங்கூன் வரிகள் மட்டும் மிச்சம். விஸ்வேஸ்வரன் சிவப்புப் பென்சிலை எடுத்தவர், எழுதாமல் வைத்துக்கொண்டிருந்தார். அன்னக்கொடி கை நீட்டினாள். பென்சிலை வாங்கினாள். மொகல் தெருவின்மேல் கோடு இழுத்தாள். மாடிப்படி, ஜன்னலில் அவன் கட்டிய பச்சைத் திரை, கீழே தேங்காய்ப்பால் நூடுல் விற்கிற பர்மாக்காரியின் குரல் எல்லாம் அந்தக் கோட்டுக்குக் கீழே போயின. 'தந்தி: ஸ்டார்' என்பதன்மேல் இன்னொன்று. பெயருக்கு வந்தபோது கை நின்றது.

"இதை அடிச்சா, இந்தப் பேரைத் தேடுறவுகளுக்கு ஒண்ணும் கெடைக்காதே சாமி?"

"அதுக்கு ஒரு வழி இருக்கு" என்றார் அவர். "எஸ் எழுத்து வர்ற இடத்திலே சதர்ன் ஸ்டார்னு ஒரு வரி தனியாப் போடுவோம். அதுக்கெதிரே, மலையாண்டி வார்ப்படப் பட்டறை, மதுரைங்கற பெயரில் பார்க்கவும்னு இருக்கும். தேடறவா அங்கே வந்து நின்னு, எம் எழுத்துக்குப் போய் உங்களைக் கண்டுபிடிச்சுடுவா."

"இப்படி ஒரு வரி முன்னாடியே போட்டிருக்கலாமா?"

"போட்டிருக்கலாம்" என்றார் அவர். பொய் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. "யாராவது கேட்டிருந்தா போட்டிருப்போம்."

அவள் தலையசைத்தாள். பிறகு முழுவதையும் ஒரு முறை படித்துக் காட்டச் சொன்னாள். அவர் படித்தார். செய்வது இன்னது, மாதத்துக்கு இத்தனை, இருப்பது இங்கே, கேட்க வேண்டியவள் இவள். வழி தவறுவதற்கு அதில் இடமே இல்லை. ஒரு வரிகூடக் கம்பீரமாக இல்லை. கருத்தக்கண்ணன் பார்த்திருந்தால், 'இதென்ன கொடி, கணக்குப் பிள்ளை எழுதின மாதிரி' என்று சிரித்திருப்பான். அவள் அடியில் கையெழுத்துப் போட்டாள்.

புத்தகம் வந்தபோது அடுத்த தை பிறந்திருந்தது. யுத்தம் இன்னும் முடியவில்லை. தபாலில் வந்த அந்தக் கனத்த புத்தகத்தை ஒச்சாயி வந்த அன்று அன்னக்கொடி விரித்து, அந்த ஒற்றை வரியின்மேல் அவள் விரலை வைத்துக் காட்டினாள். எழுத்துத் தெரியாத ஒச்சாயி அந்த இடத்தை வெகுநேரம் தடவிக்கொண்டிருந்தாள். "இதைப் பாத்தா எம் மகன் வந்துருவானா?" என்றாள். "பாக்குறவுக நம்மளக் கேப்பாக" என்றாள் அன்னக்கொடி. காளை வரவில்லை. அவனைப் பற்றி யாரும் கேட்டு எழுதவும் இல்லை. பின்னால், யுத்தம் முடிந்து கப்பல் விட்டபோதும் வரவில்லை.

ஆனால் புத்தகம் வந்த அதே மாதம், ஒரு முற்பகலில், தபால்காரர் சைக்கிளை நிறுத்தி ஓர் உறையைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார். முன்பின் தெரியாத ஊரிலிருந்து, முன்பின் தெரியாத ஒருவர் எழுதியது. கரும்பு ஆலை என்ன விலை, ரயிலில் அனுப்ப எத்தனை நாளாகும் என்று நாலே வரி. அன்னக்கொடி உள்ளே இருந்ததைப் படித்துவிட்டு உறையைத் திருப்பிப் பார்த்தாள். ஸ்ரீமதி அன்னக்கொடி, மலையாண்டி வார்ப்படப் பட்டறை, தத்தனேரி ரோடு, செல்லூர், மதுரை. யாரோ ஒருவர், எங்கோ உட்கார்ந்து, அவளை ஒரு முறைகூடப் பார்க்காதவர், ஓர் ஆலை விலை கேட்பதற்காக எழுதியது தவறாமல் அவள் கைக்கு வந்து சேர்ந்துவிட்டது.

உறையை முகத்தில் வைத்துக்கொண்டு அவள் அழ ஆரம்பித்தாள். செய்தி வந்த அன்று அழாதவள், உசிலம்பட்டியில் ஊரே அழுதபோது அழாதவள், அன்று அழுத அழுகையை நிறுத்த யாராலும் முடியவில்லை. சீனியம்மாள் ஓடி வந்து, "என்னடி, என்ன எழுதியிருக்கு?" என்று கேட்டுக் கேட்டுப் பதற, "ஒண்ணுமில்லம்மா, வெலை கேட்டிருக்காக, வெலை கேட்டிருக்காக" என்றே திரும்பத் திரும்பச் சொன்னாள். குழந்தை வந்து மடியில் ஏறி, அம்மாவின் கன்னத்தை ஈரக்கையால் துடைத்தது. மலையாண்டி பட்டறை வாசலில் நின்றபடியே பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் வரவில்லை. ஆட்களை மட்டும் உள்ளே போகச் சொன்னார்.

வெயில் சாய்ந்தபிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள். தகப்பனிடம் விலையைக் கேட்டாள். இரும்பு நிலவரத்தைக் கேட்டுக்கொண்டாள். குழந்தையை மடியில் இருத்திக்கொண்டே அந்த மனிதருக்குப் பதில் எழுதினாள்: ஆலை இன்ன விலை, இரண்டு மாதமாகும், மதுரை ஸ்டேஷனிலிருந்து அனுப்புகிறோம். எழுதி முடித்து உறையில் அவர் விலாசத்தை, ஒவ்வொரு எழுத்தாக, தபால்காரர் எந்த ஊரிலும் தடுமாறாதபடி தெளிவாக எழுதினாள்.